மூன்று சென்டிமீட்டர் கட்டத்துக்குள் உங்கள் பொருள் தெரிகிறதா?

ஏஐ கருவியில் உருவாக்கிய பொருள் படங்களை விற்பனையாளர்கள் என்னிடம் அனுப்பும்போது, எல்லாமே பெரிய திரையில் பார்த்து ஒப்புக்கொண்ட படங்களாகத்தான் இருக்கும். வாங்குபவர் அதை முதலில் பார்ப்பது அந்த அளவில் இல்லை. போனில் ஷாப்பிங் செயலியின் தேடல் முடிவுகள் இரண்டு வரிசையாக வந்தால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் அகலம் சுமார் மூன்று சென்டிமீட்டர். மூன்று வரிசை என்றால் இரண்டு சென்டிமீட்டர்தான்.

சமீபத்தில் பார்த்த ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்வோம். மர மேஜை, பின்னால் மங்கலான ஜன்னல், பக்கவாட்டில் இலைகள், காலை வெளிச்சம். அழகான படம்தான். ஆனால் சதுரத்தின் உயரத்தில் பாட்டில் பாதிகூட இல்லை. மூன்று சென்டிமீட்டர் கட்டத்தில் அதன் உயரம் 13 மில்லிமீட்டர், அகலம் நான்குக்கும் குறைவு. அந்தப் பாட்டிலின் சிறப்பே ஸ்ட்ராவும் கைப்பிடியும் உள்ள மூடி. அதற்குக் கிடைத்தது மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை.

இதைக் கணினியில் படத்தைச் சுருக்கிப் பார்த்துச் சோதிக்க முடியாது. அங்கே போட்டிக்குப் பக்கத்துப் படங்கள் இல்லை. தவிர, செயலிகள் படத்தைச் சிறிதாக்கும்போது மறுபடியும் அமுக்குகின்றன. மெல்லிய கோடுகளும் சின்ன எழுத்துகளும் அதில் கரைந்துபோகும். அதனால் முதலில் ImageMagick என்ற படத் திருத்த நிரலில் இப்படி ஒரு சிறிய பிரதியும், அதன் கறுப்பு வெள்ளைப் பிரதியும் எடுத்துக்கொள்கிறேன்:

```
magick bottle.png -resize 500x500 -quality 60 thumb.jpg
magick thumb.jpg -colorspace Gray gray.jpg
```

அப்புறம் அதே வகைப் பொருளைப் போனில் தேடி, முடிவுகள் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒரு கட்டத்தின் மேல் இந்தப் பிரதியை ஒட்டுகிறேன். கட்டத்தின் மூலையில் செயலி போடும் இதயக் குறியையும் தள்ளுபடிப் பட்டையையும் மறைக்காமல் அப்படியே விட வேண்டும். அவை படத்தின் எந்தப் பகுதியை விழுங்குகின்றன என்பதும் சோதனையில் சேர்ந்ததுதான். ஒட்டிய படத்தைப் போனுக்குத் திருப்பி அனுப்பும்போது கோப்பாக அனுப்புங்கள். அரட்டைச் செயலியில் படமாக அனுப்பினால் அது தன் பங்குக்கு இன்னொரு முறை அமுக்கிவிடும்.

இனி பெரிய படத்தைப் பார்த்திராத ஒருவர் வேண்டும். போனை வழக்கமான தூரத்தில் பிடித்து, இரண்டு விநாடி காட்டிவிட்டுத் திருப்பிக்கொள்ளுங்கள். “நல்லா இருக்கா?” என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். “இது என்ன பொருள்? இதில் என்ன தனியாகத் தெரிந்தது?” என்று கேளுங்கள். எங்கள் பாட்டிலைப் பார்த்தவர் டார்ச் லைட் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. மூடி தெரியாத வெள்ளி உருளை வேறு எப்படித் தெரியும்?

சரி, எப்படித் திருத்துவது? உடனே புதிதாக உருவாக்கப் போகாமல், இருக்கும் படத்தை முதலில் வெட்டிப் பார்த்தோம். பாட்டில் உயரத்தில் 85 சதவீதத்தை நிரப்பியதும் கட்டத்தில் 25 மில்லிமீட்டர் ஆனது. மூடி ஐந்து மில்லிமீட்டர். கைப்பிடி வளையம் தெரிந்ததுமே டார்ச் சந்தேகம் போய்விட்டது. பின்னணியை வெள்ளையாக்கியபோதுதான் அடுத்த சிக்கல். ஸ்டீலின் ஓரத்தில் விழுந்திருந்த வெளிச்சம் வெள்ளையோடு கலந்து, பாட்டிலின் ஒரு பக்கம் காணாமல் போனது. வண்ணத்தில் இது சட்டென்று பிடிபடாது, gray.jpg காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டுடியோவில் பளபளப்பான பொருளுக்கு இரு பக்கமும் கறுப்பு அட்டை நிறுத்துவார்கள். அதன் பிம்பம் ஓரத்தில் கருங்கோடாக விழும். அதையே கருவியிடம் கேட்டோம்: இரு ஓரங்களிலும் நீள வாக்கில் மெல்லிய கரும் பிரதிபலிப்பு. நிழலைக் கூட்டச் சொல்வதைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

ஆனால் மறுபடி உருவாக்கும் ஒவ்வொரு முறையும் பொருளே கொஞ்சம் மாறும். மூடி தெளிவாகத் தெரிய வேண்டும் என்று எழுதினால், கருவி மூடியைப் பெரிதாக வரைந்துவிடும். சிறிய கட்டத்தில் அது இன்னும் நன்றாகத் தெரியும், இரண்டு விநாடிச் சோதனையிலும் தேறிவிடும்; வீட்டுக்கு வரும் பாட்டிலில் மூடி அப்படி இருக்காது. கைப்பிடி இரு இடத்தில் ஒட்டியிருப்பது, லேபிளில் அர்த்தமில்லாத எழுத்து இருப்பது போன்ற பிழைகளையும் சிறிய அளவு மறைத்துவிடும்.

அதனால் கடைசியாகப் பெரிய படத்தில் அளவுகோல் வைக்கிறேன். நிஜப் பாட்டில் 26 சென்டிமீட்டர், அதில் மூடி ஐந்து. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. புதிய படத்தில் அது நான்கில் ஒரு பங்காக வந்திருந்தது. ஆகவே அந்தப் படத்தை ஒதுக்கிவிட்டு, நிஜப் பாட்டிலின் புகைப்படத்தை மூலமாகக் கொடுத்து, வெளிச்சத்தை மட்டும் மாற்றச் சொன்னோம்.