நிறத்திற்காகக் குளுட்டாதயோன்: ஊசியும் மாத்திரையும் உடலில் செய்வதென்ன?

குளூட்டமேட், சிஸ்டீன், கிளைசின் என்னும் மூன்று அமினோ அமிலங்கள் இணைந்த சிறு மூலக்கூறே குளுட்டாதயோன். நம் செல்கள் ஒவ்வொன்றும் இதைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன; கல்லீரல் மிகுதியாகத் தயாரிக்கிறது. ஆக்சிஜன் சார்ந்த சிதைவிலிருந்து செல்லைக் காப்பதும், மருந்துகளையும் நச்சுகளையும் வெளியேற்ற உதவுவதும் இதன் இயல்பான வேலைகள். தோலை வெளுப்பாக்கும் பொருள் என்று இது விற்கப்படுவதற்குக் காரணம் மெலனின் உருவாகும் விதத்தில் இருக்கிறது.

தோலின் நிறமிச் செல்களில், செம்பு அணுக்களைக் கொண்ட டைரோசினேஸ் என்னும் நொதி, டைரோசின் என்ற அமினோ அமிலத்தை டோப்பாகுயினோன் என்ற இடைப்பொருளாக மாற்றுகிறது. அது தன் போக்கில் விடப்பட்டால் யூமெலனின் என்ற கரும்பழுப்பு நிறமி உருவாகும். சிஸ்டீனோ குளுட்டாதயோனோ வந்து அதனுடன் சேர்ந்தால், மஞ்சளும் சிவப்பும் கலந்த ஃபியோமெலனின் உருவாகும். குளுட்டாதயோன் டைரோசினேஸின் வேலையைத் தடுப்பதையும் ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆகவே விற்பவர்களின் கூற்று வெறும் கற்பனையன்று. ஆனால், அளவாக ஊற்றி நிறுத்திய திரவத்தில் நொதிக்கு நேர்வது உடலுக்குள்ளும் நேர வேண்டுமானால், மருந்து நிறமிச் செல்லுக்குள் போதிய அளவில் சென்று, போதிய காலம் தங்க வேண்டும். கூற்று தடுமாறுவது அங்கேதான்.

மாத்திரையாக விழுங்கியதன் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் மீண்டும் அமினோ அமிலங்களாகச் சிதைத்துவிடுகின்றன. தாய்லாந்தில் 60 மருத்துவ மாணவர்களிடம் நடந்து, 2012இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினர் நாள்தோறும் 500 மில்லிகிராம் வீதம் நான்கு வாரங்கள் உட்கொண்டனர். மெலனின் அளவு அளந்து பார்க்கப்பட்ட ஆறு இடங்களில் இரண்டில் மட்டுமே மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களைவிடத் தெளிவான குறைவு தெரிந்தது. நான்கு வார ஆய்வைக் கொண்டு, மாதக்கணக்கில் உட்கொள்வதன் விளைவை யாரும் உறுதிப்படுத்த முடியாது.

ஊசியாகச் செலுத்தினால் குடலைத் தாண்டிவிடலாம் என்பது உண்மை. எனினும் இரத்தக்குழாய் வழியே செலுத்திய குளுட்டாதயோன் இரத்தத்தில் ஏறக்குறைய 14 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அதனால்தான் வாரத்திற்கு ஒன்றிரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 600 முதல் 1200 மில்லிகிராம் வரை, தொடர்ந்து போடும்படி பரிந்துரைக்கிறார்கள்.

இந்த முறையைப் பாகிஸ்தானில் 50 பெண்களிடம் சோதித்த ஆய்வு 2016இல் வெளியானது. பாதிப் பேர் 1200 மில்லிகிராம் குளுட்டாதயோனை வாரம் இருமுறை ஆறு வாரங்களுக்குப் பெற்றனர். மற்றவர்களுக்கு உப்புநீர் செலுத்தப்பட்டது. நிறம் மேம்பட்டதாக மதிப்பிடப்பட்டவர்கள் மருந்துப் பிரிவில் 37.5 விழுக்காடு, உப்புநீர்ப் பிரிவில் 18.7 விழுக்காடு. உப்புநீர் பெற்றவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வெளுத்ததாகத் தோன்றியது என்றால், "பலன் தெரிகிறது" என்ற தனிமனிதச் சான்றுகளை எவ்வளவு எச்சரிக்கையுடன் ஏற்க வேண்டும் என்பது புரியும். கிடைத்த மாற்றமும் ஊசியை நிறுத்திய சில மாதங்களில் பெரும்பாலும் மறைந்தது. இதற்கு ஈடாக மருந்து பெற்றவர்களில் 32 விழுக்காட்டினருக்குக் கல்லீரல் செயல்பாடு பாதிக்கப்பட்டது. ஒருவருக்கு உயிருக்கே ஆபத்தான அனாஃபிலாக்சிஸ் ஒவ்வாமை ஏற்பட்டது. சிறிய ஆய்வுதான், ஆயினும் நோயில்லாத ஒருவர் நிறத்திற்காக மட்டும் ஏற்கக்கூடிய விலை இதுவென்று என்னால் கருத இயலவில்லை.

பிலிப்பைன்ஸின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்தின் நரம்புப் பாதிப்பைக் குறைக்கும் துணைமருந்தாகவே இந்த ஊசியை ஏற்றிருந்தது. நிறத்திற்காகப் போடுவதை எதிர்த்து 2011இல் வெளிப்படையாக எச்சரித்தது. தோல் உரிந்துபோகும் கொடிய ஒவ்வாமைகள், சிறுநீரகம் மற்றும் தைராய்டு பாதிப்பு ஆகியவற்றை அது ஆபத்துகளாகக் குறிப்பிட்டது.

மருந்தைத் தவிர, ஊசி என்ற வழிக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. உணவுச் சேர்க்கைக்கெனத் தயாரான குளுட்டாதயோன் தூளைக் கொண்டு உருவாக்கிய ஊசி மருந்தைப் பெற்ற சிலருக்கு வாந்தி, குளிர்நடுக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை ஏற்பட்டதாக 2019இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. அந்தத் தூளில் பாக்டீரியாக்களின் எண்டோடாக்சின் மிகுதியாக இருந்தது. விழுங்கினால் குடல் தடுத்து நிறுத்தும் இத்தகைய நச்சு, இரத்தக்குழாயில் ஏறினால் நேரே இரத்தத்தில் கலக்கிறது. குப்பியிலுள்ள மருந்து தெளிவாக இருப்பதாலேயே தூய்மையானது என்று கொள்ள இயலாது. எண்டோடாக்சின் கண்ணுக்குத் தெரியாது.

ஊசி போட்டவுடன் முகவீக்கம், மூச்சிரைப்பு, தலைச்சுற்றல் தோன்றினாலும், சில மணி நேரத்தில் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலும், பின்வரும் நாள்களில் தோலில் கொப்புளங்களோ வாயிலும் கண்ணிலும் புண்களோ உண்டானாலும் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். கல்லீரல் பாதிப்பு இவ்வாறு உடனடியாக வெளிப்படுவதில்லை. தொடக்கத்தில் இரத்தப் பரிசோதனையில் மட்டுமே தெரியும். ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டவர்கள் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லி, முடிந்தால் காலிக் குப்பியையும் காட்டினால், உள்ளே சென்றது என்ன என்பதை அவர் ஊகிக்க வேண்டியிருக்காது.