அப்லோடு செய்ததும் வீடியோ ஏன் மங்கிப்போகிறது?

எடிட்டிங் முடித்து எக்ஸ்போர்ட் செய்த ஃபைலைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தால் தாடியில் முடி முடியாகத் தெரிகிறது. அதையே யூடியூபில் ஏற்றிவிட்டு ஓட்டினால் தாடி ஒரு கறுப்புத் தீற்றலாகிவிடுகிறது, பின்னால் இருக்கும் மரம் பச்சைக் கூழாகக் கொதிக்கிறது. கேமராவிலோ இணைய வேகத்திலோ கோளாறு என்று நினைப்பவர்கள் நிறைய பேர். ஆனால் நடப்பது வேறு. நீங்கள் அனுப்பிய ஃபைலை யாருமே பார்ப்பதில்லை. தளம் அதைத் திறந்து, ஒவ்வொரு ஃப்ரேமையும் மறுபடி படமாக விரித்து, 144p-யிலிருந்து மேலே பல அளவுகளில் புதிதாகச் சுருக்கி வைத்துக்கொள்கிறது. பார்ப்பவருக்குப் போவது அந்தப் புதிய நகல்களில் ஒன்றுதான்.

அந்த நகலுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். 1920×1080 அளவில், நொடிக்கு 30 ஃப்ரேம் ஓடும் வீடியோவைச் சுருக்காமல் வைத்தால் நொடிக்குச் சுமார் 746 மெகாபிட் வரும். தளத்திலிருந்து உங்கள் திரைக்கு வரும் 1080p நகல் பெரும்பாலும் நொடிக்குச் சில மெகாபிட்தான். 3 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். அதை 30 ஃப்ரேமுக்குப் பிரித்தால் ஒரு ஃப்ரேமுக்கு 1,00,000 பிட். H.264 என்ற கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறை, படத்தை 16×16 பிக்சல் கொண்ட சதுரங்களாக வெட்டித்தான் வேலை செய்யும், 1080p ஃப்ரேமில் அப்படி 8,160 சதுரங்கள். ஆக ஒரு சதுரத்துக்குச் சராசரியாக 12 பிட். 256 பிக்சலை வெறும் 12 பிட்டில் சொல்லியாக வேண்டும்!

இது எப்படிச் சாத்தியமாகிறது என்றால், பெரும்பாலான சதுரங்களை, சுருக்கும் வேலையைச் செய்யும் என்கோடர் புதிதாக வரைவதே இல்லை. போன ஃப்ரேமில் இருந்த அதே சுவர், அதே மேசை, அப்படியே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும், அதற்கு ஒரு பிட்கூடச் செலவாகாது. கை கொஞ்சம் நகர்ந்திருந்தால், போன ஃப்ரேமின் இந்த இடத்திலிருந்து எடுத்து நான்கு பிக்சல் தள்ளி வை என்று சொல்லும், அதுவும் மலிவுதான். இப்படி மிச்சம் பிடித்த பிட்டுகளை எல்லாம் உண்மையிலேயே புதிதாகத் தோன்றும் இடங்களுக்குக் கொடுக்கும்.

இப்போது ஒரு வீடியோவை எடுத்துக்கொள்வோம். மாலை நேரம், மரத்தடியில் உட்கார்ந்து ஒருவர் பேசுகிறார், பின்னால் இலைகள் காற்றில் ஆடுகின்றன, ஃபோனைக் கையில் பிடித்தே எடுத்திருக்கிறார்கள். வெளிச்சம் குறைவு என்பதால் படம் முழுக்கப் பொடிப் பொடிப் புள்ளிகளாக மெல்லிய நாய்ஸ். என்கோடருக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கொடுப்பது சிரமம். ஆயிரக்கணக்கான இலைகளும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் திரும்புவதால் போன ஃப்ரேமிலிருந்து எடுத்து ஒட்டுகிற தந்திரம் அங்கே பலிக்காது. கை நடுக்கத்தால் அசையாத தரைகூட அசைகிறது. நாய்ஸ்தான் எல்லாவற்றையும் விட மோசம், ஏனென்றால் அது ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதிதாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் வருகிறது, ஒரு ஃப்ரேமின் நாய்ஸை வைத்து அடுத்ததை ஊகிக்கவே முடியாது. ஆடாமல் அசையாமல் இருக்கும் சட்டைத் துணியும் என்கோடர் கண்ணுக்கு ஒவ்வொரு ஃப்ரேமிலும் மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றாகத்தான் தெரியும்.

அப்போது என்ன செய்யும்? பிட் போதவில்லை என்றால் துல்லியத்தைக் குறைக்கும். ஒவ்வொரு சதுரத்தையும் அது பெரிய, மெதுவான நிறமாற்றங்களாகவும் சின்னச் சின்ன நுணுக்கங்களாகவும் பிரித்து எண்களாக வைத்திருக்கும். அந்த எண்களை ஒரு படிக்கணக்கில் தோராயமாக்குவதுதான் சுருக்கத்தின் உயிர்நாடி. படி பெரிதாகும்போது முதலில் பூஜ்ஜியமாவது நுணுக்கங்களின் எண்கள்தான், ஏனென்றால் அவை ஏற்கெனவே சிறியவை. தாடி முடி, தோலின் துளைகள், துணியின் நெசவு எல்லாம் அப்படித்தான் காணாமல் போகின்றன. மிஞ்சியிருக்கும் சதுரங்களின் ஓரங்கள் கட்டம் கட்டமாகத் தெரியக்கூடாது என்று கோடெக்கே ஒரு வடிகட்டியை ஓட்டி அவற்றை இழைத்துவிடுகிறது. நாம் மங்கல் என்று சொல்வது இந்த இரண்டும் சேர்ந்ததுதான். கவனிக்க வேண்டிய இடம் இது: இந்தப் படி பெருமளவுக்கு ஃப்ரேம் முழுவதற்கும் பொதுவாக ஏறி இறங்குவது, அதனால் பின்னால் இருக்கும் இலைகள் தின்னும் பிட்டுக்கு முன்னால் இருக்கும் முகம் விலை கொடுக்கிறது.

சரி, மங்கலுக்குக் காரணம் இதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? யூடியூப் பிளேயரில் வலது கிளிக் செய்து `Stats for nerds` என்பதைத் திறங்கள். `Current / Optimal Res` வரியில் 854x480 என்று இருந்தால், நீங்கள் பார்ப்பது 480p நகல், பிளேயரில் தரத்தை மாற்றினால் போதும். ஏற்றிய சிறிது நேரத்துக்குக் குறைந்த அளவு நகல்கள் மட்டும்தான் தயாராக இருக்கும் என்பதால் புது வீடியோவை உடனே பார்த்துப் பதறவும் வேண்டாம். 1080p-யிலேயே மங்குகிறது என்றால் இன்னொரு அடையாளத்தைப் பாருங்கள். சில நொடிகளுக்கு ஒருமுறை படம் சட்டென்று தெளிந்து, பிறகு மறுபடி மெல்லக் கலங்கும், மூச்சு விடுவது போல. முன்னால் உள்ள எதையும் நம்பாமல் முழுதாக வரையப்படும் ஃப்ரேம் இடையிடையே வருவதால்தான் அந்தத் துடிப்பு. அது தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், பிட் பற்றாக்குறைதான்.

தளம் நொடிக்குக் கொடுக்கும் பிட் அளவை, அதாவது பிட்ரேட்டை, நாம் மாற்ற முடியாது. ஆனால் நாம் அனுப்பும் படம் எவ்வளவு செலவு வைக்கிறது என்பது நம் கையில் இருக்கிறது, எந்த நகல் வரிசையில் போய் உட்காருகிறது என்பதும் ஓரளவு நம் கையில் இருக்கிறது.

முதலில் எக்ஸ்போர்ட். தளம் எப்படியும் குறைக்கத்தானே போகிறது, நாமே 3 மெகாபிட்டில் கொடுத்துவிட்டால் தொடாமல் விட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. விடாது, யூடியூப் எதை ஏற்றினாலும் மறுபடி சுருக்கும். நீங்கள் ஏற்கெனவே கெடுத்து அனுப்பிய படத்தில் எழுத்துகளின் ஓரத்தில் மொய்க்கும் புள்ளிகள், கட்டங்களின் விளிம்புகள் எல்லாம் இருக்கும். அவை குப்பை என்று அடுத்த என்கோடருக்குத் தெரியாது, அவற்றையும் நுணுக்கம் என்று எண்ணி, இருக்கிற 12 பிட்டில் அவற்றைக் காப்பாற்றப் பார்க்கும். யூடியூப் தன் பரிந்துரையில் 1080p, 30 ஃப்ரேமுக்கு 8 மெகாபிட் என்கிறது. இலைகளும் அசைவும் உள்ள காட்சிக்கு அதை அடிமட்டம் என்று எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று மடங்கு தருவதுதான் என் பழக்கம். அதற்காக எடிட்டிங்குக்கான ProRes வடிவத்தில் மலைபோல ஒரு ஃபைலை ஏற்றவும் வேண்டியதில்லை. கண்ணுக்குக் குறை தெரியாத அளவு தரத்தில் H.264 கொடுத்துவிட்டால் அதற்கு மேல் கொட்டும் மெகாபிட் பெரும்பாலும் அப்லோடு நேரத்தைத்தான் கூட்டும்.

அடுத்தது நாய்ஸ், மரத்தடி வீடியோவுக்கு அதிகப் பலன் கொடுப்பது இதுதான். மெதுவாக, கொஞ்சமாக நீக்க வேண்டும், அதுவும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஒப்பிட்டு நீக்கும் வகை நல்லது, ஏனென்றால் என்கோடரைத் திணறடிப்பது அந்த ஃப்ரேம்களுக்கிடையேயான துள்ளல்தான். அளவு மீறினால் தோல் பிளாஸ்டிக் போலாகிவிடும், தளம் செய்யும் கொடுமையை நாமே செய்தது போலாகும். ஷார்ப்னஸைக் கூட்டி மங்கலைச் சரிக்கட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது மிச்சம் இருக்கும் நாய்ஸையும் தூக்கி, ஓரங்களில் வெள்ளைக் கோடும் போட்டு, செலவை ஏற்றி, இன்னும் மங்கலைத்தான் திரும்பக் கொடுக்கும். கை நடுக்கம் இருந்தால் அதையும் இந்தக் கட்டத்திலேயே ஸ்டெபிலைஸ் செய்துவிடுங்கள்.

மூன்றாவது, அளவைப் பெரிதாக்குவது. 1080p வீடியோவை 3840×2160-க்கு நீட்டி ஏற்றினால் புதிதாக எந்த நுணுக்கமும் பிறக்காது, ஆனால் பலன் உண்டு. 1080p-யிலேயே ஏற்றினால், குறிப்பாகப் பார்வையாளர் குறைவான சேனல்களுக்கு, பழைய H.264 நகல் மட்டும் கிடைப்பது சகஜம். 1440p-யும் அதற்கு மேலும் யூடியூப் VP9 அல்லது AV1 என்ற புதிய கோடெக்குகளில்தான் கொடுக்கிறது, அவை அதே பிட்டில் H.264-ஐ விட நல்ல படம் தரும், அந்த அளவுகளுக்குப் பிட்ரேட்டும் கூடுதல். அதே `Stats for nerds` பெட்டியில் `Codecs` வரியில் H.264-ஐக் குறிக்கும் `avc1` இருந்த இடத்தில் `vp09` அல்லது `av01` வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். திரையில் எழுத்து போடுபவர்களுக்கு இன்னொரு லாபம் இருக்கிறது. யூடியூப் நகல்களில் நிறத் தகவல் பாதி அகலம், பாதி உயரத்தில்தான் சேமிக்கப்படுகிறது, சிவப்பு எழுத்து கலைந்து தெரிவது அதனால்தான். டைம்லைனையே 4K-யில் வைத்து எழுத்தை அதில் போட்டால், 4K நகலைப் பார்ப்பவருக்கு அந்தப் பாதியே முழு 1080p அளவு வந்துவிடும்.

மேலே சொன்ன நாய்ஸ் நீக்கலையும் நீட்டலையும் `ffmpeg` என்ற இலவசக் கட்டளைவரி நிரலில் சேர்த்து எழுதினால் இப்படி வரும்:

```
ffmpeg -i master.mov \
 -vf "hqdn3d=2:1.5:4:3,scale=3840:2160:flags=lanczos" \
 -c:v libx264 -preset slow -crf 16 -pix_fmt yuv420p \
 -c:a aac -b:a 384k -movflags +faststart upload.mp4
```

`hqdn3d`-க்குப் பின்னால் வரும் நான்கு எண்களில் முதல் இரண்டும் ஒரே ஃப்ரேமுக்குள், கடைசி இரண்டும் ஃப்ரேம்களுக்கிடையே எவ்வளவு இழைக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றன. ஆடும் பொருளுக்குப் பின்னால் பேய் போல நிழல் இழுபட்டால் கடைசி இரண்டையும் குறையுங்கள்.

ஏற்றுவதற்கு முன்பே முடிவை ஓரளவு பார்த்துவிடவும் முடியும். தளம் செய்வதை வீட்டிலேயே, வேண்டுமென்றே கஞ்சத்தனமாகச் செய்து பார்ப்பதுதான்:

```
ffmpeg -i upload.mp4 -vf scale=1920:1080 \
 -c:v libx264 -b:v 3M -maxrate 4M -bufsize 6M -an test.mp4
```

தளத்தின் என்கோடர் இதேதான் என்று சொல்ல முடியாது, ஆனால் எந்தக் காட்சி முதலில் உடைகிறது என்பதை இது காட்டிக்கொடுத்துவிடும். நாய்ஸ் நீக்கியது ஒன்றும் நீக்காதது ஒன்றுமாக இரண்டு சோதனை ஃபைல் எடுத்து, இலைகள் அதிகம் ஆடும் இடத்தில் நிறுத்தி முகத்தை மட்டும் பாருங்கள். இலைகள் இரண்டிலும் கூழாகத்தான் இருக்கும், அதை விட்டுவிடலாம். புருவமும் கண் ஓரமும் ஒன்றில் மட்டும் நிற்கிறது என்றால் அதுதான் ஏற்ற வேண்டிய ஃபைல்.

இரண்டிலுமே நிற்கவில்லையா, அப்போது எக்ஸ்போர்ட்டில் செய்ய அதிகம் மிச்சமில்லை, கேமராவிடம்தான் போக வேண்டும். கொட்டும் மழை, பறக்கும் காகிதத் துகள்கள், அலையடிக்கும் நீர் ஆகியவை ஃப்ரேமை நிறைத்தால் மேலே சொன்ன எதுவும் முழுசாகக் காப்பாற்றாது. அப்புறம் வெயிலில் 1/1000 ஷட்டரில் எடுத்தால் ஒவ்வொரு இலையும் கத்தி போல விழும், அத்தனையும் செலவு. வெளிச்சத்தைக் குறைக்கும் ND ஃபில்டர் போட்டு 1/60-க்குக் கொண்டுவந்தால் அசையும் இலை தானாகவே குழைந்து பதிவாகும். அப்பர்ச்சரைத் திறந்து பின்னணியை மங்க விட்டாலும் அதே வேலைதான் நடக்கிறது: எப்படியும் அழியப்போகிற இலையை லென்ஸிலேயே குழைத்துவிட்டால், அது தின்றிருக்கும் பிட்டுகள் முகத்துக்குப் போய்ச் சேரும்.