தொகையீடு: எதைத் தொகுக்கிறோம்?

பன்னிரண்டாம் வகுப்பில் ‘இன்டெக்ரேஷன்’ படித்தவர்களிடம் அது என்னவென்று கேட்டுப் பாருங்கள். ‘டிஃபரன்சியேஷனுக்குத் தலைகீழ்’ என்பார்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் ‘வகையிடலின் எதிர்ச்செயல்’ என்பார்கள். மதிப்பெண் வாங்க அது போதும். ஆனால் தொகையீடு என்ற சொல்லுக்குள்ளேயே இன்னொரு பதில் இருக்கிறது. தொகு என்றால் கூட்டிச் சேர். எதைச் சேர்க்கிறோம் என்பது பிடிபட்டுவிட்டால் தலைகீழ் விஷயம் தானாகவே விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

முதலில் சொல்லின் கதை. ஜெர்மானியக் கணித அறிஞர் லைப்னிட்ஸ் 1675 அக்டோபர் 29 தேதியிட்ட கையெழுத்துக் குறிப்பு ஒன்றில் ∫ என்ற குறியைப் பயன்படுத்துகிறார். அது ‘சும்மா’ என்ற லத்தீன் சொல்லின் முதலெழுத்து. அக்காலத்தில் எழுதப்பட்ட நீட்டி வளைத்த எஸ். சும்மா என்றால் கூட்டுத்தொகை (நம்மூர் சும்மாவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை). ‘இன்டெக்ரல்’ என்ற பெயர் அப்புறம் வந்தது. சுவிஸ் கணித அறிஞர் யாக்கோப் பெர்னூலி 1690-இல் அதை அச்சில் பயன்படுத்தினார். அதற்கு வேர் ‘இன்டெகர்’, அதாவது தொடப்படாதது, முழுமையானது. லைப்னிட்ஸ் தன் முறையைக் கூட்டல் கணிதம் என்ற பொருளில்தான் அழைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் பெர்னூலி பயன்படுத்திய பெயரே நிலைத்தது.

தமிழில் கலைச்சொல் ஆக்கியவர்கள் இன்டெகரை அப்படியே பெயர்த்து ‘முழுமையீடு’ என்று வைத்திருக்கலாம். வைக்கவில்லை. தொகை என்றார்கள். தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, அது லைப்னிட்ஸின் முதல் எண்ணத்துக்கே நெருக்கமாக அமைந்துவிட்டது. 16-ஆம் நூற்றாண்டில் மலையாளத்தில் எழுதப்பட்ட யுக்திபாஷா என்ற கணித நூலில், வட்டத்தின் சுற்றளவைக் காண நுண்ணிய துண்டுகளைக் கூட்டும் இடங்களில் வரும் சொல் ‘சங்கலிதம்’. அதற்கும் கூட்டல் என்றுதான் பொருள்.

இணைச்சொல்லான வகையீடும் பொருத்தமானதுதான். அதன் வேர் வகு. பகுப்பது, கணக்கில் வகுப்பது இரண்டுக்கும் அதே வினை. தொகை, வகை, விரி என்று இலக்கணக்காரர்கள் அடுக்கிச் சொல்லும் வரிசையிலும் இந்த இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வகையிட்டுக் கிடைப்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வகைக்கெழு என்கின்றன, இலங்கையில் பெறுதி என்கிறார்கள். தொகையீடு இரு இடத்திலும் புரியும்.

சரி, எதைக் கூட்டுகிறோம்? ஒரு காரை எடுத்துக்கொள்வோம். நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு 50 வினாடியில் நெடுஞ்சாலை வேகத்தைத் தொடுகிறது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவர் 10 வினாடிக்கு ஒருமுறை வேகமானியைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று மாற்றினால் அவரிடம் இருக்கும் எண்கள் இவை: 0, 9, 16, 21, 24, 25. கடைசி எண் மணிக்கு 90 கிலோமீட்டர். தூரமானி பழுது என்று வைத்துக்கொள்வோம். கார் எவ்வளவு தூரம் வந்திருக்கும்?

ஒரே சீரான வேகமாக இருந்தால் வேகத்தை நேரத்தால் பெருக்கி முடித்துவிடலாம். இங்கே வேகம் மாறிக்கொண்டே இருக்கிறது, எதைப் பெருக்குவது? அதனால் 50 வினாடியை ஐந்து துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் வேகம் மாறவில்லை என்று பொய்யாக வைத்துக்கொள்கிறோம். துண்டின் தொடக்கத்தில் இருந்த வேகத்தை எடுத்தால் 0, 9, 16, 21, 24 ஆகியவற்றின் கூட்டல் 70. பத்தால் பெருக்க 700 மீட்டர். கார் போகப் போக வேகம் கூடுவதால் இது நிச்சயம் குறைவான கணக்கு. துண்டின் முடிவில் இருந்த வேகத்தை எடுத்தால் கூட்டல் 95, அதாவது 950 மீட்டர். இது நிச்சயம் அதிகம். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

இடைவெளி 250 மீட்டர். எங்கிருந்து வந்தது இந்த எண்? இரு கூட்டலிலும் 9, 16, 21, 24 பொதுவாக இருக்கின்றன. ஒன்றில் 0 கூடுதல், மற்றதில் 25 கூடுதல். ஆகவே வித்தியாசம் 25-ஐ 10-ஆல் பெருக்கியது, அவ்வளவுதான். இதுதான் முழு விஷயத்தின் சாவி. 5 வினாடிக்கு ஒருமுறை குறித்தால் இடைவெளி 125 மீட்டர், 1 வினாடிக்கு ஒருமுறை என்றால் 25 மீட்டர், பத்தில் ஒரு வினாடி என்றால் இரண்டரை மீட்டர். எவ்வளவு நெருக்கமாக வேண்டுமோ அவ்வளவு நெருக்கலாம். கீழ்க்கணக்கும் மேல்கணக்கும் நெருங்கிச் சென்று சந்திக்கும் அந்த ஒற்றை எண்ணுக்குப் பெயர்தான் தொகையீடு. நான் மேலே கொடுத்த எண்கள் v = t − t²/100 என்ற விதிப்படி எழுதியவை. அதன்படி அந்த எண் 833.33 மீட்டர்.

இதையே வரைபடமாகப் போடுங்கள். கிடை அச்சில் நேரம், நிலை அச்சில் வேகம். ஒவ்வொரு துண்டும் 10 வினாடி அகலமுள்ள ஒரு செவ்வகம், அதன் உயரம் வேகம். செவ்வகங்களின் பரப்புகளைத்தான் இத்தனை நேரம் கூட்டிக்கொண்டிருந்தோம். வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு கார் போன தூரம். இந்தப் படத்தை 14-ஆம் நூற்றாண்டில் நிக்கோல் ஒரேம் என்ற பிரெஞ்சு அறிஞர் வரைந்திருக்கிறார், லைப்னிட்ஸுக்கு 300 ஆண்டுகளுக்கு முன்பு.

இங்கே பலரும் மனதுக்குள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பரப்பு என்றால் சதுர மீட்டர் அல்லவா, தூரம் எப்படிப் பரப்பாகும்? தாளில் பார்ப்பது பரப்புதான். ஆனால் அதன் அலகை அச்சுகள் தீர்மானிக்கின்றன. ஒரு பக்கம் வினாடி, மறுபக்கம் வினாடிக்கு மீட்டர். பெருக்கினால் வினாடி அடிபட்டு மீட்டர் மட்டும் மிஞ்சும். நிலை அச்சில் குழாயில் நிமிடத்துக்கு வரும் லிட்டரைப் போட்டால் அதே பரப்பு தொட்டியில் சேர்ந்த தண்ணீர். கிலோவாட்டைப் போட்டு கிடை அச்சில் மணியைப் போட்டால் மின் கட்டணச் சீட்டில் வரும் யூனிட். எந்தத் தொகையீட்டைப் பார்த்தாலும் இரு அச்சுகளின் அலகையும் பெருக்கிப் பாருங்கள், எது சேர்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

கார் அப்புறம் நின்று, பின்னோக்கி வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 10 வினாடி வந்தால்? வரைபடம் அச்சுக்குக் கீழே இறங்கும், அந்தப் பரப்பைக் கழிக்க வேண்டும். கழித்தால் கிடைப்பது காரின் இடப்பெயர்ச்சி. கழிக்காமல் கூட்டினால் சக்கரம் உருண்ட மொத்த தூரம். திசையையும் சேர்த்துச் சொல்லும் வேகத்தைத் தமிழ்நாட்டில் திசைவேகம் என்றும், திசை இல்லாததை வேகம் என்றும் சொல்கிறோம். இலங்கைப் பாடநூலில் திசையுள்ளதுதான் வேகம், திசையில்லாதது கதி. இரு நாட்டுப் புத்தகங்களையும் மாற்றி மாற்றிப் படிப்பவர்கள் இந்த ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

இப்போது தலைகீழாகப் போவோம். தூரமானி சரியாகிவிட்டது, வேகமானி கெட்டுப்போனது. 20-ஆம் வினாடியில் காரின் வேகம் என்ன? 20-ஆம் வினாடியில் வந்த தூரம் 173.33 மீட்டர், 30-இல் 360. பத்து வினாடியில் 186.67 மீட்டர், ஆக சராசரி 18.67. இதில் பின்னால் வந்த வேகமும் கலந்திருக்கிறது. ஒரே வினாடியை எடுத்தால் 16.30. பத்தில் ஒரு வினாடி எடுத்தால் 16.03. எண் 16-ஐ நோக்கிப் போகிறது, வேகமானி காட்டியதும் அதேதான். இங்கே செய்தது தூர வித்தியாசத்தை நேர வித்தியாசத்தால் வகுப்பது, வகையீடு.

இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்பதில் இனி மர்மம் இல்லை. இதுவரை சேர்ந்த பரப்பு வினாடிக்கு எவ்வளவு கூடுகிறது? இப்போதுதான் சேரப்போகும் மெல்லிய செவ்வகத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு. அந்த உயரம் இந்த நொடியின் வேகம். நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்று பாடநூல் பெரிய பெயர் கொடுப்பது இதற்குத்தான்.

தொகையிட்ட விடையின் கடைசியில் போட எல்லாரும் மறந்து மதிப்பெண் இழக்கும் அந்த +C கூட இங்கேயே இருக்கிறது. வேகக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு தூரமானியில் இப்போது என்ன எண் தெரிகிறது என்று சொல்ல முடியாது, புறப்படும்போது அதில் என்ன இருந்தது என்று தெரிந்தாக வேண்டும். அதுதான் C. இரண்டு நேரங்களுக்கு இடையில் எவ்வளவு ஓடியது என்று மட்டும் கேட்டால் C கழிந்துபோகும். வரையறுத்த தொகையீட்டில் அது வராததற்குக் காரணம் இதுவே.

தாளில் இரண்டும் சமமான எதிரிகள். கருவிகளில் அப்படி இல்லை. தூரமானி முழு மீட்டரை மட்டும் காட்டும் என்றால், பத்தில் ஒரு வினாடி இடைவெளியில் வித்தியாசம் 1 அல்லது 2 மீட்டர் என்று வரும். வகுத்தால் வேகம் 10 அல்லது 20. உண்மையான 16 ஒருபோதும் வராது. துண்டைச் சிறிதாக்கினால் விடை துல்லியமாகும் என்பது கருவியின் பிழை குறுக்கிடும் வரைதான். வேகம் பைத்தியம் பிடித்ததுபோல் மேலும் கீழும் துள்ளினால், இடைவெளியைக் கொஞ்சம் அகலமாக்க வேண்டும் என்று பொருள்.

தொகையிடலில் சிக்கல் வேறு விதம். முன்னும் பின்னுமாக வரும் சிறு பிழைகள் கூட்டலில் பெரும்பாலும் அடிபட்டுப்போகும், அந்த வகையில் அது பொறுமையானது. ஒரே பக்கமாகச் சாய்ந்த பிழைதான் ஆபத்து. கைப்பேசியில் உள்ள முடுக்கமானி அசையாமல் இருக்கும்போதே 0.01 மீட்டர்/வினாடி² என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை தொகையிட்டால் முடுக்கத்திலிருந்து வேகம் வரும்: 60 வினாடியில் 0.6. மறுபடி தொகையிட்டால் தூரம்: 18 மீட்டர். மேசைமேல் கிடக்கும் கைப்பேசி ஒரு நிமிடத்தில் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டதாகக் கணக்கு சொல்லும். நேரம் இரட்டிப்பானால் இந்தப் பிழை நான்கு மடங்காகும். அதனால்தான் முடுக்கத்தை வைத்து இடம் கணிக்கும் கருவிகள், செயற்கைக்கோள் சமிக்ஞை கிடைக்கும்போதெல்லாம் புதிய C-ஐ வாங்கிக்கொண்டு அங்கிருந்து மறுபடி கூட்டத் தொடங்குகின்றன.