ஊற்றில் மெல்ல அள்ளினால் நல்ல தண்ணீர்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், உச்சிப்புளிப் பக்கம் கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பளவுக் குழி. அடியில் கசிந்து நிற்கும் தண்ணீரைச் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். வாளியை விட்டு அவசரமாக இறைத்தால், அதே குழியில் கொஞ்ச நேரத்தில் உப்புத் தட்டும். இது நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்த அளவுக்கு, மோட்டார் போடுகிற ஆட்களுக்குத் தெரியவில்லை.

சொட்டு நீர் அமைக்கும் வேலையில் பல வருடமாக இந்தக் கடலோரத்தில் சுற்றுகிறேன். வேறு மாவட்டத்தில் "தண்ணீர் மிச்சம்" என்றால் அளவு மிச்சம். இங்கே அளவைவிட, எந்த வேகத்தில் எடுக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். அதை ஒரு தோட்டத்தின் கணக்கோடு சொல்கிறேன்.

உச்சிப்புளிக்குக் கிழக்கே ஒரு விவசாயியின் 50 சென்ட் மணல் தோட்டம். கத்தரி போட்டிருந்தார். 15 அடி உறைக்கிணறு, 5 எச்.பி. மோட்டார், மண் வாய்க்கால், பாத்தி கட்டிப் பாய்ச்சல். "தம்பி, காலையில தண்ணி நல்லா இருக்கு, மத்தியானம் வாயில வைக்க முடியல. செடி ஓரம் கருகுது, என்ன நோயின்னு பாருங்க" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் நோய் செடியில் இல்லை.

முதலில் மோட்டாரின் வேகத்தை அளந்தோம். 200 லிட்டர் பேரல் 36 விநாடியில் நிரம்பியது. அதாவது மணிக்கு 20,000 லிட்டர். ஐந்து நாளைக்கு ஒரு முறை, விட்டு விட்டு ஐந்து மணி நேரம் ஓட்டுவார். ஒரு பாய்ச்சலுக்கு ஒரு லட்சம் லிட்டர். 50 சென்ட் என்பது ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர், ஆகவே தோட்டம் முழுக்க 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்திய கணக்கு. கத்தரியின் வேர் பெரும்பாலும் இருக்கிற ஒன்றரை அடி ஆழத்துக்குள், இந்த மணல் செடிக்காகப் பிடித்து வைப்பது இரண்டரை, மிஞ்சினால் மூன்று சென்டிமீட்டர்தான். மீதி வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். அதிலும் வாய்க்காலை ஒட்டிய பாத்தி வயிறு முட்டக் குடிக்கும், கடைசிப் பாத்திக்குப் போவதற்குள் வாய்க்காலே பாதியை உறிஞ்சிவிடும்.

அவர் கேட்ட கேள்வி ஒன்று நியாயமானது. "கீழ போன தண்ணி திரும்ப என் கிணத்துக்குத்தான தம்பி வருது? அதுல என்ன நட்டம்?" பலர் இதற்குப் பதில் சொல்லாமல் மழுப்புவார்கள். உண்மையில் இந்த மணலில் ஒரு பகுதி கிணற்றுக்குத் திரும்பத்தான் செய்யும். ஆனால் போகும்போது போட்ட யூரியாவைக் கழுவிக்கொண்டு போகும், மண்ணில் இருந்த உப்பையும் கரைத்துக்கொண்டு போகும். வெயிலில் நனைந்து கிடந்த பாத்தியிலிருந்து ஆவியானது திரும்பாது. எல்லாவற்றுக்கும் மேலே, மணிக்கு 20,000 லிட்டர் இழுத்ததால் கிணற்றுக்குக் கீழே நடந்தது ஒன்று இருக்கிறது. அதுதான் செடியைக் கருக்கியது.

நம் கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து கிடக்கிறது. கடல் நீர் நல்ல நீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனம், அதனால் இரண்டும் சட்டென்று கலப்பதில்லை. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திருப்பிப் பாருங்கள்: மேல் மட்டத்தை இழுத்து ஓர் அடி இறக்கினால், கீழே உப்பு 40 அடி எழும்பப் பார்க்கும். ஒரே நாளில் அவ்வளவு எழும்பாது. ஆனாலும் கிணற்றுக்கு நேர் கீழே உப்பு கூம்பு மாதிரி மேலே வரும், வேகமாக இழுத்தால் வேகமாக வரும். மோட்டாரை நிறுத்தினால் மெல்ல இறங்கும். அதனால்தான் காலையில் நல்ல தண்ணீர், மத்தியானம் உப்பு. அன்று உப்பு மீட்டரை வைத்துப் பார்த்தோம். மோட்டார் போடும்போது மீட்டருக்கு 1.2 டெசிசீமன்ஸ், மூன்று மணி நேரம் ஓடியபின் 2.9. கத்தரி ஓரளவுக்குத்தான் உப்புத் தாங்கும்.

சரி, சொட்டு நீர் என்பது என்ன? கிணற்றிலிருந்து வரும் தண்ணீரை வடிகட்டி, பி.வி.சி. குழாயில் தோட்டம் வரை கொண்டுபோய், அங்கிருந்து 16 மி.மீ. கறுப்புக் குழாய்களில் வரிசை வரிசையாகப் பிரித்து, செடியடியில் டிரிப்பர் வழியாகச் சொட்டவிடுவது. டிரிப்பருக்குள்ளே வளைந்து வளைந்து போகும் ஒரு குறுகிய வழி இருக்கும். தண்ணீர் அதில் முட்டி மோதி அழுத்தத்தை இழந்து, சொட்டாக வெளியே வரும். நாங்கள் வழக்கமாகப் போடுவது மணிக்கு 2 லிட்டர் விடும் டிரிப்பர். சிறு, குறு விவசாயிக்கு நம் மாநிலத்தில் 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. அதனால் போடுவதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் போட்ட பிறகுதான்.

இவருக்கும் அதுதான் நடந்தது. முதலில் வேறு ஓர் ஆள் வந்து, களிமண் நிலத்துக்குப் போடும் அதே கணக்கில், இரண்டு வரிசைச் செடிக்கு ஒரு குழாய், 60 சென்டிமீட்டருக்கு ஒரு டிரிப்பர் என்று போட்டுவிட்டுப் போனார். குழாயிலிருந்து செடி ஓர் அடி தள்ளி நின்றது. உச்சி வெயிலில் செடி துவண்டது. "சொட்டுல தண்ணி பத்தலை" என்று இவர் மூன்று மணி நேரம் ஓட்டினார். அப்போதும் துவண்டது. மறுபடி என்னைக் கூப்பிட்டார்.

மண்வெட்டியை எடுத்து ஒரு டிரிப்பருக்குக் கீழே குறுக்கே வெட்டிக் காட்டினேன். களிமண்ணில் சொட்டு விழுந்தால் ஈரம் பரங்கிக்காய் மாதிரி பக்கவாட்டில் விரியும். மணலில் முள்ளங்கி மாதிரி நேரே இறங்கும். அங்கே ஈரத்தின் அகலம் டிரிப்பரிலிருந்து ஒரு சாண்கூட இல்லை, ஆழம் மட்டும் மூன்று அடிக்கு மேல். செடியின் வேர் ஓர் அடி தள்ளிக் காய்ந்த மணலில் நிற்கிறது. இன்னும் மூன்று மணி நேரம் ஓட்டினாலும் முள்ளங்கி நீளுமே தவிர, பெருக்காது. சொட்டு நீர் போட்டும் தண்ணீர் வீணாகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். உங்கள் தோட்டத்திலும் ஒரு நாள் இப்படி வெட்டிப் பாருங்கள், எந்த மீட்டரும் தேவையில்லை.

அடுத்த நடவில் மாற்றினோம். ஒரு குழாய்க்கு இரு பக்கமும் ஒரு சாணுக்குள் செடி, 40 சென்டிமீட்டருக்கு ஒரு டிரிப்பர், குழாய்க்குக் குழாய் 1.2 மீட்டர். 50 மீட்டருக்கு 40 மீட்டர் தோட்டம் என்பதால் 33 குழாய், 4,125 டிரிப்பர். மொத்தமும் ஓடினால் மணிக்கு 8,250 லிட்டர். கிணற்றைச் சிரமப்படுத்தக் கூடாது என்று தோட்டத்தை இரண்டாகப் பிரித்து, பாதிப் பாதியாக ஓடும்படி வால்வு வைத்தோம். இப்போது கிணற்றிலிருந்து இழுப்பது மணிக்கு சுமார் 4,100 லிட்டர், முன்பு இழுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு. 5 எச்.பி. மோட்டாரும் தேவைப்படவில்லை.

நன்றாக வளர்ந்த கத்தரி கோடையில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் கேட்கும். 2,000 சதுர மீட்டருக்கு அது 10,000 லிட்டர். ஒவ்வொரு பாதிக்கும் காலையில் 36 நிமிடம், மாலையில் 36 நிமிடம். ஒரே தடவையில் விடாமல் பிரித்து விடுவதற்குக் காரணம் அந்த முள்ளங்கிதான், சிறிது சிறிதாக விட்டால் வேருக்குள்ளேயே நிற்கும். நட்ட முதல் மாதம் இதில் மூன்றில் ஒரு பங்கு போதும். முன்பு பாய்ச்சியது சின்னச் செடிக்கும் பெரிய செடிக்கும் ஒரே அளவு, நாளுக்கு 20,000 லிட்டர் வீதம். ஆக, செடி பெரிதான பிறகு பாதி மிச்சம், சின்னச் செடியாக இருக்கும்போது இன்னும் அதிகம். பத்து மடங்கு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், செடி குடிப்பதைக் குடித்துத்தான் தீரும். உப்பு மீட்டரில் என்ன வந்தது என்றால், மோட்டார் போடும்போது அதே 1.2, நிறுத்தும்போது 1.4. மத்தியானத் தண்ணீரை இப்போது வாயில் வைக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து வரிசையின் கடைசிச் செடிகள் வாடின. இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. 2 லிட்டர் டிரிப்பர் மூன்று நிமிடத்தில் 100 மில்லி தர வேண்டும். குழாயின் தலையில், நடுவில், வாலில் ஒவ்வொரு டம்ளரை வைத்துப் பிடித்துப் பாருங்கள். இங்கே தலையில் 95, வாலில் 55. டிரிப்பரின் வாயில் வெள்ளைப் பொருக்கு. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டதும் நுரைத்தது, சுண்ணாம்புதான். கிளிஞ்சல் கிடக்கிற மணலில் ஊறும் தண்ணீரில் இது இருக்கத்தான் செய்யும். பில்டரையும் அவர் நடவிலிருந்து கழற்றவே இல்லை. பில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள பிரஷர் மீட்டர்களில் அரை கிலோவுக்கு மேல் வித்தியாசம் காட்டினால் அன்றே கழுவ வேண்டும்.

சுண்ணாம்புக்கு அமிலம் விட வேண்டும். ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கார அமிலத் தாளில் 4 காட்டும்வரை எவ்வளவு பிடிக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த விகிதத்தில், குழாய்த் தண்ணீருக்குள் உறிஞ்சி விடும் வென்சுரி வழியாக விட்டு, கடைசி டிரிப்பரிலும் தாள் 4 காட்டியதும் மோட்டாரை நிறுத்தி, ஒரு நாள் அப்படியே விட்டு, மறுநாள் குழாய் முனைகளைத் திறந்து கழுவிவிட வேண்டும். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். வால் டிரிப்பர் 90-க்கு வந்தது.

சொட்டு நீரால் தீராதது உப்பு. 1.2 காட்டும் தண்ணீரில் 10,000 லிட்டருக்கு ஏழு கிலோவுக்கு மேல் உப்பு இருக்கிறது, தினமும் அதைத் தோட்டத்தில் கொட்டுகிறோம். செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை ஒதுக்கிவிடும், அது ஈரத்தின் ஓரத்தில் வெள்ளை வளையமாகப் பூக்கும். ஓரத்தில் இருக்கும்வரை கெடுதல் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை அதைக் கழுவி ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். ஆபத்து கோடைத் தூறலில்தான். லேசான மழை அந்த வளையத்தைக் கரைத்து வேருக்குத் தள்ளிவிடும், ஆழத்துக்குத் தள்ளும் பலம் அதற்கு இருக்காது. அந்த நேரத்தில் சொட்டு ஓடிக்கொண்டிருந்தால், உள்ளேயிருந்து வரும் தண்ணீர் உப்பை வெளியே தள்ளி நிறுத்தும். இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். மழையில் எவன் மோட்டார் போடுவான் என்று.

வைகாசியில் ஒரு ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது. "தம்பி, தூத்தல் போடுது. மோட்டாரப் போட்டுட்டு நனைஞ்சுக்கிட்டு நிக்கிறேன். எவ்வளவு நேரம் ஓட்டணும்?"

"மழை நிக்கிற வரைக்கும் ஓடட்டும்ணே. நீங்க வீட்டுக்குள்ள போங்க."