பஞ்சாங்கத்தில் அச்சுப்பிழை இல்லை: பராபவ வருட வாழ்த்தும் ஒரு வேண்டுகோளும்

சித்திரை 1, ஏப்ரல் 14, செவ்வாய்க்கிழமை. பராபவ வருடம் பிறக்கிறது. எங்கள் சின்னப் புத்தகக் கடைக்கு வந்து போகும் எல்லாருக்கும் இனிய தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்துகள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நல்ல உடல்நலத்தோடு இருக்கட்டும், பிள்ளைகள் நிறையப் படிக்கட்டும்.

அறுபது வருடப் பெயர்களில் பராபவ நாற்பதாவது. இதற்கு முன் இது வந்தது 1966-67இல். ஆகவே அந்த வருடம் பிறந்தவர்களுக்கு இந்த வருடம் அறுபது நிறைகிறது. அவர்களுக்குத் தனி வாழ்த்து. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததும் அவர்களை மனதில் வைத்துத்தான், ஏனென்றால் போன வருடம் ஒரு அறுபதாம் கல்யாணத்தில் நடந்த குழப்பம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஒவ்வொரு வருடமும் சித்திரை பிறந்து பத்து நாள் ஆவதற்குள் யாராவது பஞ்சாங்கத்தைத் திருப்பிக் கொண்டு வருவார்கள். ஒரு கையில் புத்தகம், மறு கையில் கைபேசி. "என்னங்க, நட்சத்திரம் முடியற நேரமே தப்பா அடிச்சிருக்கான்" என்பார்கள். பொறுமையாக விளக்கி அனுப்புவேன். ஆனால் போன வருடம் வந்தவர் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்திருந்தார்.

நடந்தது இதுதான். (குடும்பம் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக நட்சத்திரத்தையும் மணியையும் மாற்றியிருக்கிறேன்.) அப்பாவுக்கு அனுஷ நட்சத்திரம். ஜென்ம நட்சத்திரத்தன்று அறுபதாம் கல்யாணம். மகன் கோவையில் வேலை பார்க்கிறார், அவர் கைபேசிச் செயலியைப் பார்த்துப் புதன்கிழமை என்று முடிவு செய்து மண்டபம் பிடித்துவிட்டார். ஊரில் வாத்தியார் எங்களிடம் வாங்கிய பஞ்சாங்கத்தை விரித்து வியாழக்கிழமை என்றார். மகன் நேராகக் கடைக்கு வந்துவிட்டார். "அண்ணே, உங்க புத்தகத்துல தப்பா இருக்கு, அதை நம்பி வாத்தியார் நாள் மாத்தச் சொல்றார்."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். வியாழக்கிழமை வரிசையில் அனுஷத்துக்கு நேராக 6-15 என்று இருந்தது. அவர் அதைக் காலை 6.15 மணி என்று படித்திருந்தார். சூரிய உதயம் 6.10 என்பதால், ஐந்து நிமிடத்துக்காகவா நாளையே மாற்றுவது என்பது அவருடைய கோபம்.

அது மணி இல்லை. 6 நாழிகை 15 விநாடி. பஞ்சாங்கத்தில் நாழிகைக் கணக்கு சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது. ஒரு நாழிகை 24 நிமிடம். பஞ்சாங்க விநாடி நம் கடிகார விநாடி அல்ல, நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது 24 கடிகார விநாடி. ஆறு நாழிகை 144 நிமிடம், பதினைந்து விநாடி 6 நிமிடம், கூட்டினால் 150 நிமிடம், இரண்டரை மணி நேரம். உதயம் 6.10 என்றால் அனுஷம் முடிவது காலை 8.40. ஐந்து நிமிடம் எங்கே, இரண்டரை மணி நேரம் எங்கே? நா., வி. என்று பத்தியின் தலைப்பிலேயே போட்டிருக்கிறது. தயவுசெய்து தலைப்பைப் படியுங்கள்.

சரி, செயலி என்ன சொன்னது? அனுஷம் வியாழக்கிழமை காலை 5.35க்கு முடிகிறது என்று. உதயத்துக்கு முன்பே முடிந்துவிடுவதால் வியாழன் காலையில் கேட்டை வந்துவிடுகிறது. உதயத்தில் அனுஷம் இருப்பது புதன்கிழமைதான். அதனால் மகன் புதன் என்றார். வாத்தியார் புத்தகத்தில் வியாழன் உதயத்திலும் அனுஷம் இருக்கிறது, அதனால் அவர் வியாழன் என்றார். இரண்டு பேருடைய கூட்டலிலும் தவறு இல்லை. அவர்கள் கையில் இருந்தவை இரண்டு வேறு கணிதங்கள். புத்தகம் வாக்கியம், செயலி திருக்கணிதம்.

ஒன்று சரி என்றால் இன்னொன்று தப்பாகத்தான் இருக்க வேண்டும், தப்பானது அச்சடித்ததாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் இது தீரவில்லை, அதனால் நிதானமாக எழுதுகிறேன். வாக்கியம் என்பது பழைய முறை. சந்திரன் இருக்கும் இடத்தை 248 நாளுக்கு, நாளுக்கு ஒரு வாக்கியமாக எழுத்திலேயே எண்ணைப் புதைத்து வைத்திருந்தார்கள். அதை மனப்பாடம் செய்தவர்கள் தொலைநோக்கி இல்லாமல் ஓலையில் பஞ்சாங்கம் போட்டார்கள். 248 என்பதற்குக் காரணம் உண்டு. சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து, விலகி, மறுபடி அருகில் வர சுமார் இருபத்தேழரை நாள் ஆகிறது. அப்படி ஒன்பது சுற்று முடிந்தால் ஏறக்குறைய சரியாக 248 நாள். திருக்கணிதம் என்பது வானத்தில் இன்று கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு ஒத்துப்போகும்படி திருத்திய கணக்கு.

சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அருகில் வரும்போது வேகம், விலகும்போது மெதுவு. இந்தப் பெரிய ஏற்றத்தாழ்வு வாக்கியத்தில் இருக்கிறது. சூரியனின் ஈர்ப்பு சந்திரனை அசைப்பதால் வரும் மற்ற ஏற்றத்தாழ்வுகள் அதில் இல்லை, திருக்கணிதத்தில் இருக்கின்றன. அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் இந்த இரண்டு கணக்கும் பெரும்பாலும் நெருங்கி வந்துவிடும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில்தான் விலகல் அதிகம், நாலைந்து மணி நேரம்கூடப் போகலாம். நான் சொன்ன அனுஷமும் வளர்பிறை அஷ்டமியை ஒட்டித்தான் வந்தது, வித்தியாசம் மூன்று மணி ஐந்து நிமிடம். அதனால்தான் சில மாதம் இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது, சில மாதம் நாளே மாறிப்போகிறது. நிறையப் பேர் அமாவாசையை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள், பிறகு அஷ்டமி வரும்போது சண்டைக்கு வருகிறார்கள்.

இது ஏதோ எங்கள் கடைப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். சனிப் பெயர்ச்சியை நினைத்துப் பாருங்கள். கும்பத்துக்குச் சனி போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. திருநள்ளாறு கோயிலில் வாக்கியப்படி கொண்டாடியது 2023 டிசம்பர் 20. பதினோரு மாத இடைவெளி. கோயிலைப் பார்த்து அச்சுப்பிழை என்று யாரும் சொல்லவில்லை.

அந்தக் குடும்பத்துக்கு என்ன முடிவு கிடைத்தது என்று கேட்பீர்கள். அப்பாவின் ஜாதகத்தை எடுத்து வரச் சொன்னேன். 1965இல் அவருடைய தாத்தா வாக்கியத்தைப் பார்த்து எழுதியது. அந்த வீட்டில் எல்லாமே வாக்கியப்படிதான் நடந்திருக்கிறது, செயலி மட்டும்தான் புதிது. வாத்தியார் சொன்ன வியாழக்கிழமையையே வைத்துக்கொண்டார்கள். மண்டபத்துக்காரர் நாளை மாற்றிக் கொடுத்தார், ஆனால் முன்பணத்தில் ஒரு பகுதி போய்விட்டது. அதைவிட எனக்கு வருத்தம், ஒரு வாரம் அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளவில்லை என்பது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உதயத்தில் நட்சத்திரம் இருந்தால் போதுமா, உதயத்துக்குப் பிறகு இத்தனை நாழிகை இருந்தாக வேண்டுமா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அதைக் கடைக்காரனிடம் கேட்காதீர்கள், உங்கள் வாத்தியாரிடம் கேளுங்கள். எந்தக் கணிதப் புத்தகம் உங்கள் வீட்டு வழக்கம் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு என்னிடம் வாருங்கள்.

வாங்கும்போது அட்டையைப் பாருங்கள். வாக்கியமா திருக்கணிதமா என்று அட்டையிலோ முதல் பக்கத்திலோ போட்டிருக்கும். "பாம்புப் பஞ்சாங்கம் கொடுங்க" என்று படத்தைச் சொல்லிக் கேட்பது தவறில்லை, அது வாக்கியம் என்று தெரிந்து கேளுங்கள். எந்த ஊர் உதயத்துக்குக் கணித்தது என்பதையும் முன்பக்கத்தில் தேடுங்கள். சென்னைக்கும் கோவைக்கும் உதயத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வரும். உதயத்தை ஒட்டி வருகிற முடிவு நேரங்களுக்கு இது முக்கியம். செயலி வைத்திருக்கிறவர்கள் அமைப்புக்குள் போய் எந்தக் கணிதம், எந்த ஊர் என்று ஒரு முறை பாருங்கள். இரண்டையும் பார்க்காமல் மண்டபம் பிடிக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இங்கிருந்து புத்தகம் அனுப்புகிறவர்கள் கவனியுங்கள். சிங்கப்பூர் உதயத்தோடு நம் நாழிகையைக் கூட்டினால் கணக்கு கெட்டுவிடும். முதலில் இந்திய நேரமாக மாற்ற வேண்டும், அப்புறம் இரண்டரை மணி கூட்ட வேண்டும். மேலே சொன்ன 8.40 அங்கே காலை 11.10. அதன் பிறகு அந்த ஊர் உதயத்தைப் பார்த்து நாள் முடிவு செய்ய வேண்டும்.

இந்த வருடம் கடையில் இரண்டு வகையையும் தனித்தனி அடுக்கில் வைத்திருக்கிறோம், மேலே பெரிய எழுத்தில் பெயர் ஒட்டியிருக்கிறோம். எங்களிடம் வாங்கும் ஒவ்வொரு பஞ்சாங்கத்துக்குள்ளும் நாழிகையை மணியாக மாற்றும் ஒரு சின்ன அட்டை இருக்கும். வேறு கடையில் வாங்கியிருந்தாலும் அட்டையை இலவசமாகத் தருகிறோம், தயங்காமல் கேளுங்கள். மாற்றி வாங்கிவிட்டால் பக்கங்களில் குறிப்பு எழுதாமல் ஒரு வாரத்துக்குள் கொண்டு வாருங்கள், மற்ற வகையைத் தருகிறோம். பழைய வருடப் பஞ்சாங்கத்தையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பேரன் பிறந்த நாழிகையை நாளைக்கு யாராவது கேட்பார்கள்.

சித்திரைக் கனி பார்க்கத் தட்டு வைக்கும் வீடுகளில் கண்ணாடி, பழம், பூவோடு பஞ்சாங்கமும் இருக்கும். அதன் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒரு கதைப் புத்தகமும் வையுங்கள், விடிந்ததும் அவர்கள் கண் அதில் படட்டும். சிறுவர் புத்தகங்களுக்குப் புத்தாண்டுவரை பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு.

1966-67இல் பிறந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால் நாள் குறிப்பதற்கு முன் பழைய ஜாதகத்தோடு ஒரு முறை வந்துவிட்டுப் போங்கள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இரண்டு புத்தகத்தையும் மேசையில் விரித்து உட்கார்ந்து பார்ப்போம். சித்திரை 1 அன்றும் கடை திறந்திருக்கும், பூஜை முடிந்ததும் காலை ஒன்பதரைக்கு வந்துவிடுவேன்.