256-ஆ, 512-ஆ? லேப்டாப்புக்கு எவ்வளவு இடம் போதும்

கல்லூரி திறக்கிற நேரத்தில் சேலம் ஐந்து ரோடு பக்கம் எந்த லேப்டாப் கடையில் ஏறினாலும் ஒரே கேள்விதான் காதில் விழும்: "256 போதுங்களா, 512 எடுக்கணுமா?" கடைக்காரர் சொல்கிற பதிலும் இரண்டே வகை. ஒன்று, "கூட இருந்தா நல்லதுதானுங்க." மற்றது, "மிச்சத்தை கூகுள் டிரைவ்ல போட்டுக்கலாமுங்க." இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இடம் குறைந்தால் லேப்டாப்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்பார்கள்.

என் அக்கா மகள் சேலத்தில் விடுதியில் தங்கி கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் படிக்கிறாள். வீடு ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம். அவளுக்காகப் போட்ட கணக்கையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். மலையில் நெட் பாதி நேரம் தடுமாறும், கீழே விடுதியில் நன்றாக வரும் என்பதால் லேப்டாப்புக்குள் இருக்கும் டிரைவ், நெட்டில் இருக்கும் கிளவுட் இரண்டின் குணமும் அவள் விஷயத்தில் நன்றாகத் தெரிகிறது.

முதலில், 256 என்று பெட்டியில் போட்டிருப்பது விண்டோஸில் 238 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. டிரைவ் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, சுமார் 107 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறது. அதே கணக்கில் 512 என்பது 477 ஆகும், ஒரு டிபி என்பது 931 ஆகும்.

அந்த 238-ல் விண்டோஸ் 11 எடுத்துக்கொள்வது சுமார் 45 ஜிபி. அது வெறும் விண்டோஸ் மட்டுமல்ல. அப்டேட்டுக்கென்று சுமார் 7 ஜிபியை அது தனியாக ஒதுக்கி வைத்துக்கொள்ளும். ஹைபர்னேட் செய்வதற்கான `hiberfil.sys` என்ற மறைவான ஃபைல், ரேமில் 40 சதவீத அளவுக்கு இருக்கும். ரேம் 16 ஜிபி என்றால் அதற்கே 6 ஜிபிக்கு மேல். ரேம் போதாத நேரத்துக்கு `pagefile.sys` என்று இன்னொன்று. பெரிய அப்டேட் வந்தால் பழைய விண்டோஸ் `Windows.old` என்ற பெயரில் பத்து நாள் அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்தப் பத்து நாளில்தான் பலர் "இடம் எங்கே போச்சு?" என்று தேடுகிறார்கள்.

மீதிக் கணக்கு இது. ஆபீஸ், பிரவுசர் வகையறா 12 ஜிபி. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் அதன் எமுலேட்டரும் சேர்ந்து 28. பாடக் குறிப்புகள், பிடிஎஃப்கள் 8. வகுப்பு வீடியோக்கள் 20. போனிலிருந்து இறக்கிய படங்களும் வீடியோக்களும் 60. விண்டோஸையும் சேர்த்தால் முதல் வருட முடிவில் 173 ஜிபி. 256 டிரைவில் 65 ஜிபி மிஞ்சுகிறது, தாராளம் என்றே தோன்றும். ஆனால் வருடத்துக்கு ஒரு 30 ஜிபி சேரும் என்று வையுங்கள். இரண்டாம் வருடக் கடைசியில் 35 ஜிபி, மூன்றாம் வருடக் கடைசியில் வெறும் 5. பிராஜெக்ட் வேலை உச்சத்தில் இருக்கும்போது டிரைவ் கழுத்து வரை நிறைந்திருக்கும்.

நிறைந்தால் இடம் இல்லை என்பதோடு முடிந்துவிடாது, வேகமும் விழும். ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இன்றைய லேப்டாப்களில் டிரைவாக இருக்கும் எஸ்எஸ்டி என்பது மின்னூட்டத்தைச் சிறைப்படுத்தி வைக்கும் கோடிக்கணக்கான நுண்ணிய செல்களால் ஆனது. இந்தச் செல்கள் பக்கம் பக்கமாகவும், பல நூறு பக்கங்கள் சேர்ந்து ஒரு பிளாக்காகவும் அடுக்கப்பட்டிருக்கும். எழுதுவது பக்கம் பக்கமாக நடக்கும், ஆனால் அழிப்பது முழு பிளாக்காக மட்டுமே முடியும். எழுதிய பக்கத்தின் மேலேயே மறுபடி எழுதவும் முடியாது. ஒரு பக்கத்தைக்கூடத் தனியாக அழிக்க முடியாமல், நோட்டு முழுவதையும்தான் அழித்தாக வேண்டும் என்றால் என்ன செய்வோம்? வேண்டிய பக்கங்களை வேறு நோட்டில் பெயர்த்து எழுதிவிட்டுப் பழைய நோட்டை அழிப்போம். எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் நாள் முழுக்கச் செய்வது இதைத்தான். காலி இடம் நிறைய இருந்தால் நாம் சும்மா இருக்கும் நேரத்தில் நிதானமாகச் செய்துவிடும். காலி இடம் இல்லையென்றால், நீங்கள் சேமிக்க அழுத்தும் அந்த நொடியில்தான் இந்தப் பெயர்த்தெழுதும் வேலையும் நடந்தாக வேண்டும். சின்ன ஃபைல் ஒன்றைச் சேமிப்பதற்குள் உள்ளே அதைவிடப் பல மடங்கு எழுத வேண்டியிருக்கும். வேகம் குறைவதோடு செல்களின் ஆயுளும் தேயும்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற காரணம் ஒன்றும் உண்டு. இன்றைய லேப்டாப் டிரைவ்களில் ஒரு செல்லில் மூன்று பிட் எழுதுவது டிஎல்சி, நான்கு எழுதுவது க்யூஎல்சி. மூன்று பிட்டுக்கு எட்டு அளவு மின்னூட்டத்தையும், நான்குக்குப் பதினாறு அளவையும் பிரித்து வைக்க வேண்டும். நுணுக்கமான வேலை, அதனால் மெதுவாகத்தான் நடக்கும். இதை மறைக்கத் தயாரிப்பாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காலியாக இருக்கும் செல்களில் முதலில் ஒரே ஒரு பிட் மட்டும் மளமளவென்று எழுதிவிட்டு, பிறகு ஓய்வில் அவற்றை மூன்றாகவோ நான்காகவோ சுருக்கி அடுக்குவது. இந்த வேகமான முன்வாசலுக்கு காலி இடம்தான் மூலதனம். டிஎல்சி டிரைவில் 60 ஜிபி காலி என்றால் அதிகபட்சம் 20 ஜிபி வரை இப்படி வேகமாக எழுதலாம். 6 ஜிபிதான் காலி என்றால் 2 ஜிபி தாண்டியதும் வேகம் படுத்துவிடும். எவ்வளவு ஒதுக்குவது என்பது டிரைவுக்கு டிரைவ் மாறும், ஆனால் திசை இதுதான்.

இதை நீங்களே பார்க்கலாம். பெரிய வீடியோ ஃபோல்டர் ஒன்றை வேகமான வெளி எஸ்எஸ்டியிலிருந்து லேப்டாப்பில் காப்பி செய்யுங்கள். காப்பி பெட்டியில் `More details` அழுத்தினால் பச்சை வரைபடம் ஓடும். உயரத்தில் சமமாக ஓடிக்கொண்டிருந்தது ஓர் இடத்தில் செங்குத்தாக விழுந்து, பிறகு தாழ்வாகவே நகரும். விழுந்த அந்த இடம்தான் பெரும்பாலும் முன்வாசல் நிறைந்த இடம். அக்கா மகள் ஒரு நாள் என்னிடம், "வைரஸ் வந்துடுச்சா மாமா? ஆறு மாசம் முன்னாடி இதே ஃபோல்டர் டக்குனு ஏறுச்சு" என்றாள். வைரஸ் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் காலி இடம் இருந்தது, அவ்வளவுதான். டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். அப்படிப் பார்த்தால் 238-ல் நிஜமாகப் பயன்படுத்தத் தக்கது 190 ஜிபிதான். அவள் கணக்கில் அது இரண்டாம் வருடத்திலேயே முடிந்துவிடுகிறது.

சின்ன டிரைவுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. டிரைவின் வேகம் ஒரு சிப்பின் வேகம் அல்ல, பல சிப்கள் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் கிடைப்பது. கொள்ளளவு குறைந்தால் சிப்பும் குறையும். 2022-ல் வந்த எம்2 மேக்புக் ஏரில் 256 ஜிபி மாடலுக்கு ஒரே சிப், 512-க்கு இரண்டு. சோதித்தவர்கள் 256-ன் வேகம் ஏறக்குறைய பாதிதான் என்று கண்டார்கள்.

சரி, அந்த 60 ஜிபி போட்டோவையும் வீடியோவையும் கிளவுடில் ஏற்றிவிட்டால்?

ஏற்றலாம். ஆனால் எங்கிருந்து ஏற்றுகிறோம் என்பது முக்கியம். ஏற்காட்டு வீட்டில் போன் ஹாட்ஸ்பாட்டில் ஏற்றும் வேகம் நல்ல நேரத்தில் 5 எம்பிபிஎஸ் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 ஜிபிக்கு இடைவிடாமல் 27 மணி நேரம் ஆகும். போனில் நாளைக்கு 2 ஜிபி பிளான் என்றால் அந்த வரம்பே 30 நாளாக இழுத்துவிடும். விடுதியில் 40 எம்பிபிஎஸ் ஃபைபர் முழுதாகக் கிடைத்தால் அதே வேலை மூன்றரை மணி நேரத்துக்குள் முடிகிறது. ஆகவே ஏற்றுகிற வேலையைக் கீழேயே முடிக்க வேண்டும்.

இலவச இடமும் சின்னது. கூகுள் தருவது 15 ஜிபி, மைக்ரோசாஃப்டின் கிளவுடான ஒன்டிரைவ் தருவது 5. கூகுளின் 15-ஐ டிரைவ், போட்டோஸ், ஜிமெயில் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. நிறைந்தால் புது மெயில் வருவதே நின்றுபோகும். வேலைக்கு நேர்காணல் மெயில் எதிர்பார்த்திருக்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. 60 ஜிபி வேண்டுமென்றால் மாதாமாதம் காசு கட்டியாக வேண்டும், கட்டுவதை நிறுத்தும் நாளில் அவ்வளவையும் திரும்ப இறக்க வேண்டும்.

ஏற்றிய பிறகு இடத்தை மிச்சப்படுத்துவது எப்படி என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்டிரைவ் ஃபோல்டரில் வலது கிளிக் செய்து `Free up space` கொடுத்தால், ஃபைலின் பெயர் மட்டும் லேப்டாப்பில் நிற்கும், உள்ளடக்கம் மேலே போய்விடும். பக்கத்தில் நீல மேகக் குறி இருந்தால் அது பெயர்ப்பலகை மட்டும்தான். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வீட்டுக்குப் போய் அதைத் திறந்தால், நெட் இல்லாவிட்டால் திறக்காது. விடுமுறைக்குத் தேவையான ஃபோல்டர்களுக்கு பஸ் ஏறும் முன்பே `Always keep on this device` கொடுத்து, பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் வரும்வரை காத்திருக்க வேண்டும். பத்திரமாக இருக்கும் என்று நம்பி லேப்டாப்பில் அந்த ஃபைலை அழித்தால், கிளவுடிலும் சேர்த்து அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ், மென்பொருள், எமுலேட்டர் இவை எதுவும் கிளவுடில் இருந்து ஓடாது. ஆயிரக்கணக்கான துண்டு ஃபைல்கள் கொண்ட கோடிங் ஃபோல்டரை ஒன்டிரைவுக்குள் வைத்தால் அது நாள் முழுக்க ஒத்திசைத்துக்கொண்டே கிடக்கும். கிளவுடுக்கு ஏற்றது பாடக் குறிப்பு, சான்றிதழ், பிராஜெக்ட் அறிக்கை போல அளவில் சிறியதும் இழந்தால் திரும்பக் கிடைக்காததுமான ஃபைல்கள். அவற்றை லேப்டாப்பிலும் வைத்துக்கொண்டு கிளவுடிலும் வைக்க வேண்டும்.

512 எடுத்தால் அவள் கணக்கு எப்படி ஓடுகிறது? நான்காம் வருட முடிவில் 263 ஜிபி நிறைந்திருக்கும், 210-க்கு மேல் காலி. ஒரு டிபி எடுத்திருந்தால் 650-க்கு மேல் சும்மா கிடக்கும். அந்தக் காசுக்கு வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி போட்டோக்களுக்கு இரண்டாவது பிரதி வைப்பது மேல்.

எல்லோருக்கும் 512 என்று சொல்லமாட்டேன். ஜவ்வரிசி வியாபாரமோ வெள்ளிக் கொலுசுக் கடையோ, கணக்கும் பில்லும் மட்டும் போடுகிற லேப்டாப்புக்கு 256 பல வருடம் வரும். மாறாக, கல்யாணப் போட்டோ எடுப்பவர் ஒரே முகூர்த்தத்தில் 3000 ரா படம் எடுத்தால் அதுவே 75 முதல் 90 ஜிபி, வீடியோ தனி. அவருக்கு ஒரு டிபி உள்ளேயும், முடிந்த வேலைகளுக்கு வெளி டிஸ்க்கும் வேண்டும். உங்கள் கணக்கு தெரிய பழைய லேப்டாப்பில் `Settings`, `System`, `Storage` திறந்து, நிறைந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு இன்னும் எத்தனை வருடம் ஓட்டப் போகிறீர்களோ, அத்தனை வருடத்துக்குச் சேரப்போவதைக் கூட்டி, காலி இடத்துக்காக நான்கில் ஒரு பங்கை அதன்மேல் ஏற்றினால் வருவதுதான் உங்கள் அளவு.

கடையில் கேட்க வேண்டியது இன்னொன்று உண்டு: டிரைவ் எம்.2 ஸ்லாட்டில் செருகியதா, போர்டிலேயே பற்றவைத்ததா? செருகியது என்றால் 256 வாங்கி இரண்டு வருடம் கழித்துப் பெரியது மாற்றலாம், இரண்டாவது ஸ்லாட் இருந்தால் இன்னும் வசதி. மேக்புக் ஏர் போலப் பற்றவைத்தது என்றால் வாங்கும் நாளில் எடுத்ததுதான் கடைசிவரை. அக்கா மகளுக்கு 512, ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும் மாடல் என்று முடிவு செய்தோம்.