ஆட்டுக்குச் சோறு வைக்காதீர்கள்

முகூர்த்தம் முடிந்த மறுநாள் காலையில் எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு என்ன வரும் என்று எங்களுக்கே தெரியும். வயிறு பெருத்து, கால் தள்ளாடி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நிற்கிற வெள்ளாடு. போன வாரமும் ஒன்று வந்தது, பிழைக்கவில்லை. முதல் வயிற்றைத் திறந்தால் பருக்கை பருக்கையாகச் சோறு, கூடவே மூக்கைத் துளைக்கிற புளித்த வாடை. கண் பட்டுவிட்டது என்று சொல்லித்தான் கொண்டுவந்திருந்தார்கள்.

கானாடுகாத்தான் பக்கத்துக் கிராமத்து அக்கா ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மகளிர் குழுக் கடனில் இரண்டு பெட்டை ஆடு வாங்கியிருந்தார். ஆச்சி வீட்டில் பாத்திரம் துலக்கும் வேலை. அங்கே ஒரு சாந்திக் கல்யாணம். பந்தி முடிந்து மிஞ்சிய சோற்றை வாளி நிறையக் கொடுத்துவிட்டார்கள், அக்காவும் சந்தோஷமாக ஆடுகளுக்கு முன்னால் வைத்துவிட்டார். பெரிய ஆடு மற்றதை முட்டித் தள்ளிவிட்டு வயிறு முட்டத் தின்றது. இரவே அசைபோடுவதை நிறுத்திவிட்டது. மறுநாள் தண்ணீராகக் கழிந்தது, கண் உள்ளே போனது, மாலைக்குள் செத்தும் போனது. சின்னது சோர்ந்து கிடந்த பிறகுதான் எங்களிடம் வந்தார்.

"நாம தின்னுற சோறுதானே டாக்டரம்மா, அது எப்படி ஆட்டுக்கு ஆகாமப் போகும்?"

எல்லோரும் கேட்பது இதைத்தான். நம் வயிறு வேறு, ஆட்டு வயிறு வேறு. ஆடு தின்பதைச் செரிக்க வைப்பது அதன் முதல் வயிற்றில் குடியிருக்கிற நுண்ணுயிர்கள். தழை, புல், நார் என்று மெதுவாகக் கரைகிற தீனிக்குப் பழகியவை அவை. திடீரென்று அங்கே சோறு வந்து குவிந்தால், அமிலத்தை உண்டாக்குகிற வேறு கிருமிகள் பெருகி, இட்லி மாவு புளிக்கிற மாதிரி வயிறே புளித்துவிடும். நல்ல நுண்ணுயிர்கள் சாகும். உடம்பிலுள்ள நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்படும். அமிலம் ரத்தத்தில் ஏறும். ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று நாள், அவ்வளவுதான். சோறு கெட்டுப்போயிருக்க வேண்டும் என்பதில்லை. சூடாக வடித்த புதுச் சோறும் இதைச் செய்யும். பொங்கல், கஞ்சி, அரிசி, கம்பு, மாவு எல்லாம் ஒன்றுதான். மாட்டுக்கு வைத்த கழுநீர்த் தொட்டியில் அடியில் படிந்த சோற்றை ஆடு குடித்துச் செத்ததையும் பார்த்திருக்கிறோம்.

இதை வெறும் வாயு உப்புசம் என்று நினைத்து எண்ணெய் ஊற்றுகிறார்கள். ஈரமான கடலைக்கொடியைத் தின்று உப்பினால் எண்ணெய் உதவும், இதற்கு உதவாது. இடது விலாவுக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் தட்டிப் பாருங்கள். உப்புசமென்றால் மேளம் மாதிரி ஒலிக்கும். சோறு தின்றதென்றால் பிசைந்த மாவை அழுத்துவது போலிருக்கும், நேரம் ஆக ஆக உள்ளே தண்ணீர் தளதளக்கும்.

அந்தச் சின்ன ஆடு கொஞ்சமாகத் தின்றிருந்ததால் தப்பியது. சமையல் சோடாதான் முதலுதவி. ஆட்டின் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம். இருபது கிலோ ஆடென்றால் நாலு தேக்கரண்டியை அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள், நுரையீரலுக்குள் போனால் அதுவே கொன்றுவிடும். படுத்து எழாத ஆட்டுக்கு வாயில் எதையுமே ஊற்றாதீர்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்குப் போன் போடுங்கள். சோடா கொடுத்தாயிற்று என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டும் இருக்காதீர்கள். ஊசியும் குளுக்கோசும் சீக்கிரம் ஏறினால்தான் பலன்.

அக்கா மறுபடியும் ஒரு ஆடு வாங்கினார். இப்போது இரண்டுக்கும் தனித்தனியாகத் தீனி கட்டுகிறார். கொல்லையில் அகத்தியும் வேலிமசாலும் போட்டிருக்கிறார், தழையைத் தரையில் கொட்டாமல் கழுத்துயரத்தில் கட்டித் தொங்கவிடுகிறார். கோடையில் கருவேல நெற்று கிடைத்தால் முதல் நாள் ஒரு கைப்பிடி, பிறகு பத்துப் பதினைந்து நாளில் மெதுவாகக் கூட்டுகிறார். விடிந்ததும் முதல் வேலை, அசைபோடுகிறதா, புழுக்கை உருண்டை உருண்டையாக இருக்கிறதா என்று பார்ப்பது. மழைக்கு முன்னால் துள்ளுமாரித் தடுப்பூசிக்கு அவரே ஓட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். அளவுக்கு மீறிய தானியத் தீனி அந்த நோயையும் கிளப்பிவிடும் என்பதை ஒரு தடவை சொன்னோம், பிடித்துக்கொண்டார்.

விசேஷம் வைக்கிற வீட்டுக்காரர்களிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். மிஞ்சிய சோற்றை வேலைக்கு வருகிறவர்களிடம் கொடுக்கும்போது, மனுஷருக்கு மட்டும்தான் என்று சொல்லிக் கொடுங்கள். எச்சில் இலையைத் தெருவில் வீசாமல் குழி தோண்டிப் போட்டு மூடச் சொல்லுங்கள். அவிழ்த்துவிட்ட ஆடுகள் விடியும் முன்பே அங்கேதான் போய் நிற்கின்றன.